டெலிவரி சலானில் 47 மூட்டை, பில்லில் 50 மூட்டை: மில்லுக்கு இமெயில் எழுதுவது எப்படி?

*"திருப்பூரில் சின்ன பனியன் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறேன். மில்லிலிருந்து வந்த நூலுக்கு டெலிவரி சலானில் 47 மூட்டை என்று இருக்கிறது. பில் தொகையோ 50 மூட்டைக்குப் போட்டிருக்கிறார்கள். மில்லுக்கு இமெயில் எழுதச் சொல்கிறார் முதலாளி. சண்டை போடுவது போலவும் இருக்கக்கூடாது, பணமும் போகக்கூடாது. எப்படி எழுதுவது?"*

இந்த இமெயிலை மில்லில் யார் படிப்பார் என்பதை முதலில் யோசியுங்கள். உங்களோடு பேரம் பேசி ஆர்டர் வாங்கியவர் படித்தாலும், வேலை நடப்பது அங்கே பில் போடும் அக்கவுன்டன்ட் மேஜையில்தான். அவருக்கு ஒரு நாளைக்கு எத்தனையோ பார்ட்டிகளிடமிருந்து மெயில் வரும். உங்கள் மெயிலைத் திறந்ததும், யாருக்கும் போன் போடாமல், பழைய ஃபைலைத் தேடாமல், அப்படியே ஒரு கிரெடிட் நோட் போட்டுவிட முடிய வேண்டும். அதற்கு வேண்டிய எண்கள் எல்லாம் மெயிலிலேயே இருந்தால் சண்டைக்கு இடமே இல்லை. எண்கள் குறைந்தால்தான் அந்த இடத்தை வார்த்தைகள் நிரப்பும், அப்புறம் குரல் உயரும்.

எழுதுவதற்கு முன்னால் வித்தியாசம் உண்மையிலேயே அளவில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மொத்தத் தொகை ஒத்துவராததற்கு மூட்டை எண்ணிக்கை தவிர வேறு காரணங்களும் உண்டு. வண்டி வாடகையைப் பில்லில் சேர்த்திருக்கலாம். விலை மாறியிருக்கலாம். ஒரே பில்லுக்கு இரண்டு வண்டியில் சரக்கு வந்து, இரண்டாவது சலான் கேட்டிலேயே செக்யூரிட்டியின் டிராயரில் கிடக்கலாம். இந்தக் கடைசிக் காரணம் நீங்கள் நினைப்பதைவிட அடிக்கடி நடக்கும். அதனால் கேட் ரெஜிஸ்டரை எடுத்து, அந்த மில்லின் பெயரில் அந்த வாரம் வந்த வண்டிகளை எல்லாம் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மெயில் போட்ட மறுநாள் மீதி 3 மூட்டைக்கான சலான் நம் பக்கமே கிடைத்தால், அடுத்த தடவை உண்மையாகவே குறைந்து வந்தாலும் நம் பேச்சை நம்ப மாட்டார்கள்.

நூலில் இன்னொரு சிக்கல். சலானில் மூட்டைக் கணக்கு இருக்கும், பில்லில் கிலோக் கணக்கு இருக்கும். 47 மூட்டையை 50 கிலோவால் பெருக்கி 2,350 கிலோ என்று நாமே போட்டுக்கொள்ளக் கூடாது. சரக்கோடு வரும் பேக்கிங் ஸ்லிப்பில் ஒவ்வொரு மூட்டைக்கும் நிகர எடை போட்டிருப்பார்கள், அதைக் கூட்டிப் பாருங்கள். கோனின் எடையும் பையின் எடையும் சேர்ந்த மொத்த எடையைப் பில் எடையோடு ஒப்பிட்டால் கணக்கு வேறு மாதிரி வரும். நம் தராசில் ஒரு மூட்டைக்குச் சில நூறு கிராம் குறைந்து காட்டினாலும் அதை இந்த மெயிலில் கொண்டுவராதீர்கள். பருத்தி நூல் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும், விடும். வெயில் காலத்தில் கொஞ்சம் எடை இறங்குவது இயல்பு. முழு மூட்டை குறைவதும் கிராம் குறைவதும் இரண்டு தனி விஷயங்கள். இரண்டையும் ஒரே மெயிலில் கலந்தால், தெளிவாக இருக்கும் முதல் விஷயமும் இரண்டாவதோடு சேர்ந்து விவாதத்துக்குப் போய்விடும்.

அடுத்தது, சலானில் என்ன எழுதியிருக்கிறது, யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்பது. உங்கள் விஷயத்தில் மில்லின் சலானிலேயே 47 என்று இருக்கிறது, அதனால் உங்கள் நிலை பலமானது. மில் குடோனில் வண்டியில் ஏற்றியவரே 47 என்று எழுதி அனுப்பியிருக்கிறார். ஆபீசில் ஆர்டரைப் பார்த்து 50-க்குப் பில் போட்டுவிட்டார்கள். பில் காலையிலேயே தயாராகிவிடும், இ-வே பில்லுக்குப் பில் எண் வேண்டும். மத்தியானம் லோடு ஏற்றும்போது 3 மூட்டை பேக்கிங் முடிந்திருக்காது. வண்டியை நிறுத்தி வைக்க முடியாமல் இருப்பதை அனுப்பிவிடுவார்கள். குடோனிலிருந்து ஆபீசுக்கு அந்தச் செய்தி போய்ச் சேராது. பெரும்பாலான மூட்டை வித்தியாசத்துக்குக் கதை இதுதான். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. நீங்கள் எழுதும் தொனியும் அதை ஒட்டியே இருக்கட்டும்.

ஒருவேளை சலானில் 50 என்று இருந்து, நீங்கள் எண்ணும்போது 47 வந்திருந்தால் அது வேறு மெயில். அப்போது பில்லும் சலானும் ஒத்துப்போகின்றன. குறைந்தது வழியிலா, குடோனிலா என்ற கேள்வி வரும். டிரைவர் முன்னால் எண்ணி, சலானிலேயே "47 மட்டும் பெற்றுக்கொண்டோம்" என்று எழுதி, அவரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தால்தான் அங்கே பேச முடியும். அந்த வழக்கம் உங்கள் குடோனில் இல்லையென்றால் இன்றைக்கே ஆரம்பியுங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். உங்கள் பில்லில் இரண்டு ரக நூல் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். 30-ஆம் நம்பர் கோம்டு நூல் 40 மூட்டை, கிலோ 300 ரூபாய். 40-ஆம் நம்பர் 10 மூட்டை, கிலோ 340 ரூபாய். விலை என் கற்பனை, நீங்கள் உங்கள் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். மூட்டைக்கு நிகர எடை 50 கிலோ. பில்லில் முதல் ரகத்துக்கு 6,00,000, இரண்டாவதுக்கு 1,70,000, ஆக 7,70,000. அதன் மேல் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. 38,500. மொத்தம் 8,08,500 ரூபாய்.

சலான்படி 30-ஆம் நம்பர் 37 மூட்டைதான், அதாவது 1,850 கிலோ, 5,55,000 ரூபாய். 40-ஆம் நம்பர் சரியாக 10 மூட்டை. ஆக 7,25,000, வரி 36,250, மொத்தம் 7,61,250. வித்தியாசம் 47,250 ரூபாய். அதில் சரக்கு மதிப்பு 45,000, வரி 2,250. இப்படி வித்தியாசத்தை மதிப்பு தனி, வரி தனி என்று பிரித்தே எழுத வேண்டும். கிரெடிட் நோட்டில் அவர் போட வேண்டிய கட்டங்கள் அவைதான். "சுமார் 47 ஆயிரம் அதிகம்" என்று எழுதினால், அவர் மறுபடி கணக்குப் போட வேண்டும். அவர் போடும் கணக்கும் நம் கணக்கும் ஒத்துவரவில்லையென்றால் இன்னொரு வாரம் போய்விடும்.

இனி, என்ன கேட்கப்போகிறோம் என்று முடிவு செய்ய வேண்டும். நிறையப் பேர் இந்த இடத்தில் "பில்லைத் திருத்தி அனுப்பவும்" என்று எழுதிவிடுகிறார்கள். மில்லால் அதைச் செய்ய முடியாது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய நிறுவனங்கள் இ-இன்வாய்ஸ்தான் போட வேண்டும். அந்தப் பில் அரசின் போர்ட்டலில் பதிவாகி ஐ.ஆர்.என். எண் வாங்கியது. அதைத் திருத்த வழியில்லை. ரத்து செய்ய மட்டும் 24 மணி நேரம் உண்டு. இ-வே பில் உயிரோடு இருந்தால் அதுவும் முடியாது. வண்டி வந்து, மூட்டையை இறக்கி, சலான் உங்கள் மேஜைக்கு வரும்போதே பெரும்பாலும் அந்த நேரம் கடந்திருக்கும். அதனால் "திருத்திய பில்" கேட்டால் மில்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் மெயிலை ஓரமாக வைத்துவிடுவார். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 34-வது பிரிவின்படி இதற்கான ஆவணம் கிரெடிட் நோட். அந்தச் சொல்லையே பயன்படுத்திக் கேளுங்கள்.

இரண்டாவது வழியும் இருக்கிறது: மீதி 3 மூட்டையை அனுப்பச் சொல்வது. அனுப்பிவிட்டால் பில் சரியாகிவிடும், கிரெடிட் நோட் தேவையில்லை. கேட்க எளிதாகத் தெரியும். ஆனால் அக்கவுன்ட்ஸ் தானாக இதை முடிவு செய்யக்கூடாது. புரொடக்‌ஷனில் கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும். காரணம் லாட் எண். ஒரே நம்பர் நூலாக இருந்தாலும், வேறு லாட்டில் பஞ்சுக் கலவை கொஞ்சம் மாறியிருக்கும்; நிட்டிங்கில் கலந்து ஓட்டினால் வெள்ளைத் துணியில் ஒன்றும் தெரியாது, சாயம் போட்டதும் துணியில் குறுக்குக் கோடு கோடாக நிறம் மாறித் தெரியும். அந்த ரோலை பையர் எடுக்க மாட்டார். அதனால் மீதி 3 மூட்டை அதே லாட்டில் இருந்தால் மட்டும் வாங்கலாம், இல்லையென்றால் கிரெடிட் நோட்தான் என்று புரொடக்‌ஷன் மேனேஜர் சொன்னால் அதை அப்படியே மெயிலில் எழுதுங்கள். நூல் இனி தேவையே இல்லையென்றால் கிரெடிட் நோட் மட்டும் கேளுங்கள். "ஒன்று அதைச் செய்யுங்கள் அல்லது இதைச் செய்யுங்கள்" என்று திறந்து விட்டால், இரண்டு வாரம் கழித்து, தேவையில்லாத நேரத்தில், வேறு லாட்டில் 3 மூட்டை கேட்டுக்கு வந்து நிற்கும்.

கீழே உள்ளது, கிரெடிட் நோட் மட்டும் கேட்கும் மாதிரி. பில் எண், தேதி எல்லாம் உதாரணத்துக்குத்தான்.

> பொருள்: பில் 1187 (06.11.2025): சலான் 2043-ஐ விட 3 மூட்டை கூடுதல், ரூ.47,250-க்கு கிரெடிட் நோட் வேண்டி
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> வணக்கம். 06.11.2025 அன்று நீங்கள் அனுப்பிய நூல் கிடைத்தது. உங்கள் சலான் 2043-இல் உள்ளபடியே 47 மூட்டைகளும் நல்ல நிலையில் வந்து சேர்ந்தன. நன்றி.
>
> அதே சரக்குக்கான பில் 1187-இல் 50 மூட்டைக்குத் தொகை போடப்பட்டுள்ளது. வித்தியாசம் 30-ஆம் நம்பர் கோம்டு நூலில் மட்டும் உள்ளது. 40-ஆம் நம்பர் நூலின் அளவும், இரண்டு ரகங்களின் விலையும் ஆர்டரின்படி சரியாக உள்ளன.
>
> | | பில் 1187 | சலான் 2043 | வித்தியாசம் |
> |---|---|---|---|
> | 30-ஆம் நம்பர், மூட்டை | 40 | 37 | 3 |
> | 30-ஆம் நம்பர், நிகர எடை (கிலோ) | 2,000 | 1,850 | 150 |
> | 40-ஆம் நம்பர், மூட்டை | 10 | 10 | 0 |
> | சரக்கு மதிப்பு (ரூ.) | 7,70,000 | 7,25,000 | 45,000 |
> | ஜி.எஸ்.டி. 5% (ரூ.) | 38,500 | 36,250 | 2,250 |
> | மொத்தம் (ரூ.) | 8,08,500 | 7,61,250 | 47,250 |
>
> 150 கிலோவுக்கு, கிலோ ரூ.300 வீதம் ரூ.45,000, சி.ஜி.எஸ்.டி. ரூ.1,125, எஸ்.ஜி.எஸ்.டி. ரூ.1,125, ஆக ரூ.47,250-க்கு பில் 1187-ஐக் குறிப்பிட்டு கிரெடிட் நோட் போட்டு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம். மீதி 3 மூட்டை எங்களுக்கு இப்போது தேவையில்லை. தனியாக அனுப்ப வேண்டாம்.
>
> கூடுதலாக உள்ள ரூ.2,250 வரிக்கு நாங்கள் இன்புட் எடுக்கவில்லை.
>
> பில்லும் கிரெடிட் நோட்டும் ஒரே மாதக் கணக்கில் வந்தால் இரு தரப்புக்கும் எளிது. அதனால் 14.11.2025-க்குள் அனுப்பினால் உதவியாக இருக்கும். ரூ.7,61,250-ஐ வழக்கம்போல் 06.12.2025 அன்று செலுத்திவிடுகிறோம்.
>
> இணைப்பு: பில் 1187, இரு தரப்புக் கையெழுத்துள்ள சலான் 2043, பேக்கிங் ஸ்லிப், எங்கள் குடோன் வரவுச் சீட்டு.
>
> இப்படிக்கு,
> (பெயர், அக்கவுன்ட்ஸ், கம்பெனி பெயர், ஜி.எஸ்.டி. எண், கைபேசி எண்)

இதில் சில வரிகள் ஏன் அப்படி இருக்கின்றன என்று சொல்லிவிடுகிறேன், உங்கள் மெயிலுக்கு ஏற்ப மாற்றும்போது அவற்றை எடுத்துவிடாமல் இருப்பதற்காக.

"உங்கள் சலானில் உள்ளபடியே 47 மூட்டைகளும் வந்து சேர்ந்தன" என்ற வரிதான் மெயிலின் முதுகெலும்பு. அது நன்றி சொல்வது போல இருக்கிறது. ஆனால் சலானும் நம் எண்ணிக்கையும் ஒன்று, பில் மட்டும்தான் விலகி நிற்கிறது என்பதை அது முதலிலேயே நிறுத்திவிடுகிறது. பேச்சு இனி மில் ஆபீசுக்கும் மில் குடோனுக்கும் நடுவில்தான், உங்களுக்கும் மில்லுக்கும் நடுவில் அல்ல.

சரியாக இருப்பதையும் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். 40-ஆம் நம்பர் சரி, விலை சரி. இதைச் சொல்லாவிட்டால் அவர் பில் முழுவதையும் முதலிலிருந்து சரிபார்க்க வேண்டும். சொன்னால் நேராக ஒரு வரிக்குப் போய்விடுவார். நீங்கள் குறை கண்டுபிடிக்க உட்காரவில்லை, கணக்குப் பார்த்திருக்கிறீர்கள் என்பதும் தெரியும்.

"நீங்கள் தவறாகப் பில் போட்டுவிட்டீர்கள்" என்பது எங்குமே இல்லை. பில்லில் இத்தனை, சலானில் இத்தனை, அவ்வளவுதான். அதே நேரம் "தயவுசெய்து சரிபார்த்துச் சொல்லவும்" என்பதும் இல்லை. அந்த வாக்கியம் மரியாதையாகத் தோன்றினாலும் காரியத்தைக் கெடுக்கும். சரிபார்க்கச் சொன்னால் ஆர்டரோடு சரிபார்த்து, "ஆர்டரில் 50 இருக்கிறது, பில்லிலும் 50 இருக்கிறது, சரியாகத்தான் இருக்கிறது" என்று பதில் வரும். என்ன செய்ய வேண்டும் என்பதைத் தெளிவாகக் கேட்பதே மரியாதை.

இன்புட் எடுக்கவில்லை என்ற வரி பலருக்குத் தோன்றாது. மில் அக்கவுன்டன்டுக்கோ அது மிக முக்கியம். கிரெடிட் நோட் போட்டுத் தன் வரியைக் குறைக்க வேண்டுமானால், வாங்கியவர் அந்த அளவுக்கு இன்புட் எடுக்காமல் இருக்க வேண்டும், அல்லது எடுத்ததைத் திருப்பியிருக்க வேண்டும். நீங்களாகவே எழுதிவிட்டால் அவர் அதைக் கேட்டு ஒரு மெயில் போட வேண்டியதில்லை. எழுதினால் அப்படியே நடந்தும் கொள்ளுங்கள். வராத சரக்குக்கு இன்புட் எடுக்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. 16-வது பிரிவில் சரக்கு கைக்கு வந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பில்லில் 38,500 இருக்கிறதே என்று முழுவதையும் எடுத்துவிடாதீர்கள். ஜி.எஸ்.டி. போர்ட்டலின் ஐ.எம்.எஸ். பக்கத்தில் இந்தப் பில்லை ரிஜெக்ட் செய்யவும் வேண்டாம். ரிஜெக்ட் செய்தால் வந்த 47 மூட்டைக்கான 36,250 ரூபாய் இன்புட்டும் சேர்ந்து நின்றுபோகும். 2,250 ரூபாய்க்காக 36,250-ஐ நிறுத்தி வைப்பது எந்தக் கணக்கிலும் நியாயமில்லை. அந்த 2,250-ஐ ரிட்டர்னில் எந்தக் கட்டத்தில் காட்டுவது என்பதை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

14-ந் தேதி என்று ஒரு நாள் குறித்ததற்கும் காரணம் இருக்கிறது. நவம்பர் மாதம் போட்ட பில்லையும் கிரெடிட் நோட்டையும் மில் டிசம்பர் 11-க்குள் தாக்கல் செய்யும் ரிட்டர்னில் காட்டும். இரண்டும் உங்களுக்கு ஒரே 2பி-யில் வந்துவிடும். கிரெடிட் நோட் டிசம்பருக்குப் போனால் ஒரு மாதம் முழுக்க வித்தியாசத்தைத் தூக்கிக்கொண்டே இருக்க வேண்டும். 14-ந் தேதி கேட்டால், தாமதமானாலும் 30-க்குள் வந்துவிடும். "உடனடியாக", "மிக அவசரம்" என்பவை எல்லா மெயிலிலும் இருப்பதால் யாரும் அவற்றைப் படிப்பதில்லை. தேதியைப் படிப்பார்கள். சட்டப்படி 2025-26 நிதியாண்டுப் பில்லுக்கு 2026 நவம்பர் 30 வரை கிரெடிட் நோட்டைக் கணக்கில் காட்ட நேரம் உண்டு; அதை மெயிலில் சொல்லாதீர்கள், அவ்வளவு நாளும் எடுத்துக்கொள்வார்கள்.

பணம் தருகிறோம் என்று எழுதியதுதான் சண்டை வராமல் தடுக்கும் வரி. வித்தியாசத்தைக் காரணம் காட்டி முழுப் பில்லையும் நிறுத்தி வைப்பார்களோ என்பதுதான் எந்த சப்ளையருக்கும் முதல் பயம். வந்த சரக்குக்கு, சொன்ன தேதியில், இவ்வளவு ரூபாய் என்று எழுதிவிட்டால் அவருக்கு உங்கள் மேல் நம்பிக்கை வரும், கிரெடிட் நோட்டும் சீக்கிரம் வரும். பணம் அனுப்பும் அன்று வங்கிக் குறிப்போடு "பில் 1187-க்கு, சலான் 2043-படி" என்று இரண்டு வரி மெயில் போடுங்கள். இல்லையென்றால் அவர்கள் லெட்ஜரில் 47,250 ரூபாய் பாக்கி என்று நின்றுகொண்டே இருக்கும். ஆறு மாதம் கழித்து, ஆள் மாறிய பிறகு, அந்தப் பாக்கியைக் கேட்டுப் போன் வரும்.

மெயிலை எப்போது அனுப்புவது என்பதில் ஒரு சட்ட விஷயம் இருக்கிறது, திருப்பூர்ப் பக்கம் பல கம்பெனிகள் கவனிப்பதில்லை. மில் பில்லில் உத்யம் எண் அச்சாகியிருந்து, அது குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால், எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி பணம் கொடுக்கக் கெடு உண்டு. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக்கூடாது. அந்த நாள் கணக்கு, சரக்கு வந்த தேதியிலிருந்து தொடங்கும். சரக்கை ஏற்றுக்கொள்வது பற்றி வாங்கியவர் 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லியிருந்தால் மட்டும், அந்த ஆட்சேபம் தீர்ந்த நாளிலிருந்து தொடங்கும். போனில் சொன்னது இதற்கு ஆகாது. அதனால் வித்தியாசம் தெரிந்த அன்றோ மறுநாளோ மெயில் போய்விட வேண்டும். நவம்பர் 6 சரக்குக்கு 21-ந் தேதியைத் தாண்டவே கூடாது. இதை மில்லுக்கு எதிரான ஆயுதமாக நினைக்காதீர்கள். வந்த சரக்குக்கான பணத்தை எப்படியும் தேதியில் கொடுக்கிறீர்கள். வராத சரக்குக்கு உங்கள் பெயரில் தாமத வட்டி எழாமல் இருக்க, எழுத்தில் ஒரு சாட்சி வேண்டும், அவ்வளவுதான்.

மெயிலை மில் அக்கவுன்ட்ஸுக்கு அனுப்பி, மார்க்கெட்டிங்கில் உங்கள் ஆர்டரைப் பார்ப்பவருக்கும், நூல் ஏஜென்ட் மூலம் வாங்கியிருந்தால் அவருக்கும் நகல் போடுங்கள். ஏஜென்டுக்குக் கமிஷன் பில் தொகையில் வருவதால் அவருக்கும் இது தெரிய வேண்டும். மில்லுக்குள் யாரைப் பிடித்தால் காரியம் நடக்கும் என்பதும் அவருக்குத்தான் தெரியும். மில் எம்.டி.க்கு முதல் மெயிலிலேயே நகல் போட வேண்டாம். அக்கவுன்டன்டின் மேல் புகார் சொன்னது போல ஆகிவிடும், அதற்கப்புறம் உங்கள் ஒவ்வொரு வேலையும் அங்கே மெதுவாகத்தான் நகரும். மெயில் போன பிறகு ஒரு போன் போட்டு, "சார், பில் 1187-க்கு ஒரு மெயில் போட்டிருக்கேன், மூணு மூட்டை வித்தியாசம், டேபிள் போட்டு வச்சிருக்கேன், கொஞ்சம் பார்த்துடுங்க" என்றால் போதும்.

இனி, என்ன பதில் வரும் என்று பார்ப்போம். அதிகம் வருவது, "அடுத்த பில்லில் கழித்துக்கொள்கிறோம்" என்பது. அன்பாகச் சொல்வார்கள், நம் ஆட்களும் சரி என்று விட்டுவிடுவார்கள். இதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த பில்லில் 47,250-ஐக் குறைத்தால் அந்தப் பில்லின் சரக்கு மதிப்பு தப்பாகப் பதிவாகும். இந்தப் பில் போர்ட்டலில் 2,000 கிலோ என்றே என்றென்றும் நிற்கும். நம் ஸ்டாக் 1,850 காட்டும். ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது இரண்டு பில்லையும் பக்கத்தில் வைத்து விளக்கம் எழுத வேண்டிவரும். "அப்படிச் செய்தால் எங்கள் ஸ்டாக்கும் ஜி.எஸ்.டி.யும் ஒத்துவராது, ஆடிட்டர் கிரெடிட் நோட்தான் கேட்கிறார்" என்று ஒரு வரியில் பதில் போடுங்கள். ஆடிட்டர் பெயரைச் சொன்னால் எதிர்ப்பக்கமும் புரிந்துகொள்ளும், அவர்களுக்கும் ஒரு ஆடிட்டர் இருக்கிறார்.

இன்னொரு பதில், "நீங்களே டெபிட் நோட் போட்டுக்கொள்ளுங்கள்" என்பது. உங்கள் டேலியில் கணக்கு நேராக இருக்க டெபிட் நோட் போட்டுக்கொள்ளலாம், தவறில்லை. ஆனால் மில்லின் வரியைக் குறைப்பது மில் போடும் கிரெடிட் நோட் மட்டுமே. நம் டெபிட் நோட்டைப் பார்த்து அவர்கள் கிரெடிட் நோட் போட்டால் விஷயம் முடிந்தது. நம்முடையதோடு நிறுத்திவிட்டால் பாதிதான் முடிந்தது.

"50-ம் ஏற்றினோமே" என்று வந்தால் பதற வேண்டாம். அவர்கள் சலானை மறுபடி இணைத்து, "உங்கள் குடோனில் ஏற்றியவர் கையெழுத்துப் போட்ட சலானில் 30-ஆம் நம்பர் 37 மூட்டை என்று உள்ளது, குடோன் ஸ்டாக்கில் 3 மூட்டை கூடுதலாக நிற்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்" என்று எழுதுங்கள். அனேகமாக நிற்கும். இந்த ஒரு யோசனை நூறு வாதங்களைவிட வேகமாக வேலை செய்யும். ஆபீஸ் ஆள் குடோனுக்குப் போன் போட்ட உடனே உண்மை வெளியே வந்துவிடுகிறது.

பதிலே வரவில்லையென்றால், 14-ந் தேதி தாண்டியதும் அதே மெயிலுக்குக் கீழேயே இரண்டு வரியில் நினைவூட்டுங்கள், புது மெயில் தொடங்க வேண்டாம். முதல் தேதியும் இணைப்புகளும் அதே இடத்தில் இருக்க வேண்டும். மாதக் கடைசிக்கும் வரவில்லையென்றால் அப்போது முதலாளியை விட்டு மில் முதலாளியிடம் பேசச் சொல்லலாம். உங்கள் கையில் எழுத்தெல்லாம் இருப்பதால் அவருக்கும் பேச எளிதாக இருக்கும்.

கிரெடிட் நோட் வந்ததும் அப்படியே ஃபைலில் போட்டுவிடாதீர்கள். அதில் பில் 1187 என்ற எண்ணும் தேதியும் இருக்கிறதா, சரக்கு மதிப்பு 45,000 தனியாகவும் வரி 1,125 இரண்டு முறையும் இருக்கின்றனவா, அதற்கும் ஐ.ஆர்.என். எண் வாங்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். வரியைக் கழிக்காமல் 45,000-க்கு மட்டும் போட்டு அனுப்புவதும் உண்டு. அப்போது 2,250 ரூபாய் உங்கள் லெட்ஜரில் தொங்கும். டிசம்பர் 14-ந் தேதி 2பி வந்ததும் அதில் இந்தக் கிரெடிட் நோட் ஏறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்து, ஏறியிருந்தால் மெயில் போட்டு மில்லுக்குச் சொல்லிவிடுங்கள்.